முதலில் காலிக் கேஜ்

எனக்கு அவள்மேல் பொறாமை. இருந்தது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். இன்றைக்கும் அவள் போன் செய்தால் ஓடிப்போய் எடுப்பேன், விழுந்து விழுந்து சிரிப்பேன், வைத்த பிறகு வயிறு கொஞ்ச நேரம் எரியும். இதற்கு மருந்து கிடையாது. நான் தேடவும் இல்லை.

கோலார் தங்கவயலில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். அவள் அப்பா பெரிய இயந்திரத் தொழிற்சாலையில் ஆபீசர். திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். குவார்ட்டர்ஸ், தோட்டம், வாசலில் ஸ்கூட்டர், வீட்டுக்குள் டெலிபோன். நாங்கள் நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீட்டுக்காரர்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து என் தாத்தாவின் அப்பா வந்தாராம், அதற்கப்புறம் எல்லோரும் பூமிக்குள்தான். என் நைனா மட்டும் மேலே. வைண்டிங் டிரைவர். அதாவது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு இருக்கிறதே, கேஜ், அதை இழுக்கும் பெரிய இன்ஜினை ஓட்டுபவர். அவர் உட்காரும் இடத்திலிருந்து கேஜ் இறங்கும் குழியும் தெரியாது, ஆளும் தெரியாது. பெல் அடிக்கும். பெல் சொல்கிறபடி லீவரைப் பிடிப்பார். அத்தனை பேர் உயிரும் அவர் கையில்.

எனக்கு அந்த இன்ஜின் ரூமைப் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு அங்க இன்னா வேல? போய்ப் படி" என்றார். போய்ப் படித்தேன். அப்படிப் படித்துத்தான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் ஆனேன். அவளும் அதையேதான் படித்தாள், என் நோட்டைப் பார்த்துத்தான் பாஸும் செய்தாள். பிறகு அவள் எம்.பி.ஏ. படிக்க பெங்களூருக்குப் போனாள். நான் ஊரிலேயே ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன்.

கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைக்காதீர்கள். தகரக் கூரை போட்ட பழைய ஷெட். தொழிற்சாலையில் ரிடையர் ஆன ஒருவர் தொடங்கியது. அவரை நாங்கள் எம்.டி. சார் என்போம். சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் ஒரு அண்ணன், புரோகிராம் எழுதும் நான், ஒயரிங்குக்கும் பெட்டி கட்டவும் சில பேர். மழை பெய்தால் பேசுவது காதில் விழாது. அவ்வளவுதான் கம்பெனி.

நாங்கள் செய்துகொண்டிருந்தது டம்பர் லாரியில் மாட்டும் ஒரு பெட்டி. குவாரியில் பாறையை ஏற்றிப் போகும் டம்பருக்கு எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று அது சொல்லும். சக்கரத்துக்கு மேல் பாரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் சிலிண்டர் இருக்கும், அதற்குள் இருக்கும் அழுத்தத்தைச் சென்சார் அளக்கும், அந்த அளவை என் புரோகிராம் டன்னாக மாற்றும். டம்பரின் பக்கவாட்டில் மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் இன்னும் கொட்டலாம். மஞ்சள் என்றால் இன்னும் ஒரே வாளி. சிவப்பு என்றால் நிறுத்து. எதிரே பாறையை வாரும் ஷவல் இயந்திரத்தில் உட்கார்ந்து கொட்டுகிறவன் அந்த விளக்கைத்தான் பார்ப்பான். அதிகம் ஏற்றினால் டயர் வெடிக்கும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. ஆகவே அந்தச் சிவப்பு விளக்கு பொய் சொல்லக் கூடாது. எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம், அந்தச் சிவப்பு பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

அது சும்மா வந்துவிடாது. டம்பர் நின்றுகொண்டிருக்கும்போது எடுக்கிற எடை நம்பகமானதல்ல. சிலிண்டரின் ரப்பர் சீல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எடையைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். வண்டி கொஞ்ச தூரம் நகர்ந்து ஒரு குலுக்கு குலுங்கினால்தான் சிலிண்டர் இளகி உண்மையைச் சொல்லும். அதனால் ஏற்றும்போது ஒரு எடை, நகர்ந்து இரண்டாவது கியர் விழுந்ததும் மறுபடி ஒரு எடை. பெட்டி இரண்டையும் ஒப்பிட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும். இந்த மறு எடைக்குத்தான் நான் என் கண்ணைக் கொடுத்து உழைத்தேன்.

பெட்டி ஓரளவு உருவானதும் எம்.டி. சார், "இனி இதை ஒரு ப்ராடக்டா நடத்த ஒரு ஆள் வேணும்" என்றார். என்ன செய்வது, எதை முதலில் செய்வது, வாங்குகிறவரிடம் என்ன சொல்வது, எல்லாம் பார்க்கிற ஆள். ப்ராடக்ட் மேனேஜர். அது நான்தான் என்று நினைத்தேன். ஒயரிங் செய்யும் பெண்கள்கூட, "அக்கா, எங்களுக்கு எப்ப ஸ்வீட்டு?" என்று கேட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவள்.

"என்னடி, சர்ப்ரைஸா?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். சென்ட் வாசம். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் நோட்டைப் பார்த்துப் பாஸ் ஆனவளுக்கு நான் இனிமேல் கணக்குச் சொல்ல வேண்டும்! அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் குழம்பில் உப்பில்லை என்று கத்தினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அவள் வந்த வேகத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துவிட்டாள். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒரு குவாரி. அதன் ஓனர் கன்னடக்காரர். அவரிடம் இவள் சரளமாகக் கன்னடம் பேசி, தலையை ஆட்டி, காபி குடித்து, எட்டு டம்பருக்கும் பெட்டி போடுவதாக ஒத்துக்கொண்டு வந்தாள். எப்போது தெரியுமா? ஆயுத பூஜைக்கு. அங்கே ஆயுத பூஜையன்று எல்லா டம்பரையும் கழுவி, வரிசையாக நிறுத்தி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். சொந்தக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள், மற்ற குவாரிக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் எட்டு வண்டியிலும் புது விளக்கு எரிய வேண்டும் என்பது ஓனர் ஆசை. இவள் "ஆயித்து சார்", ஆகட்டும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

வந்ததும் கரும்பலகையில் எழுதினாள். எடை, மூன்று விளக்கு, எத்தனை நடை என்ற கணக்கு, டிரைவருக்குத் தனித்தனி நம்பர், நாள் முடிந்ததும் பிரிண்ட் எடுக்கும் வசதி, டீசல் அளவு, கன்னடத்தில் எழுத்து. எழுத எழுத என் காதில் புகை வந்தது.

"இதெல்லாம் ஆயுத பூஜைக்கா?" என்றேன்.

"ஆமா."

"தலைகீழா நின்னாலும் பொங்கலுக்குத்தான்டி."

"பொங்கல்னா அவர் வேற கம்பெனிக்குப் போயிடுவார்டி. பெங்களூர்ல ரெண்டு பேர் இதையேதான் செய்யறாங்க."

போர்டு அண்ணன் நிதானமான மனுஷன். அவரே டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாம்மா இது, கல்யாணத்துக்கு மெனு எழுதற மாதிரி எழுதிட்டீங்க. பிரிண்டருக்கு வேற கனெக்டர், டீசலுக்கு வேற சென்சார். போர்டையே திருப்பி வரையணும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மறு எடை இருக்குல்ல, நகர்ந்ததும் எடுக்கறது. அதை விட்டுட்டா எத்தனை நாள் மிச்சமாகும்? அது யார் கண்ணுக்கும் தெரியப் போறதில்லையே" என்றாள்.

ஐயோ! எனக்கு வந்ததே கோபம். "யார் கண்ணுக்கும் தெரியாததுதான்டி வேலை! மீதியெல்லாம் ஷோ. பிரிண்டரும் கன்னட எழுத்தும் உன்னோட ஷோ. சிவப்பு தப்பா எரிஞ்சா பூசணிக்காய் உடைச்சு ஒண்ணும் ஆகாது, அந்த டிரைவரோட மண்டைதான் உடையும்" என்று கத்தினேன். ஷெட்டில் சாலிடரிங் செய்துகொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மழையும் இல்லை, நன்றாகவே கேட்டிருக்கும்.

அவளும் சளைக்கவில்லை. "சரி, சோதனையையாவது குறைங்க. குவாரியில மாட்டின பிறகு பார்த்துக்கலாம்."

"மாட்டின பிறகு பார்க்கறதுக்குப் பேர் சோதனை இல்லம்மா, வேண்டுதல்" என்றார் அண்ணன்.

எம்.டி. சார் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஆர்டரும் வேண்டும், பெயரும் வேண்டும். "உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு மெதுவாக நழுவினார். அந்த வாரம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் பலகையைப் பார்த்து உட்கார்ந்ததுதான் மிச்சம். ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு போனோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதையும் சொல்லிவிடுகிறேன். தோற்கட்டும், அந்த நாற்காலி சுடட்டும் என்று இருந்தது. ஆனால் அவள் தோற்றால் பெட்டியும் தோற்கும். என் சிவப்பு விளக்கு எந்த டம்பரிலும் ஏறாது. அதுதான் இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சண்டை போட்ட வாரத்தில் கட்டாயம் வருவாள். அம்மாவின் கருவாட்டுக் குழம்பு என்றால் அவளுக்கு உயிர், அவர்கள் வீட்டில் அது நுழையாது. தட்டைத் தூக்கிக்கொண்டு நைனா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. நைனா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. இவளிடம் மட்டும் வாய் திறப்பார். "வாங்க மேடம், வாங்க! இன்னா, புது ஆபீசு எப்டிகீது?" என்று என்ன குஷி! என்னிடம் ஒரு நாள் கேட்டதுண்டா? நான் துணி காயப்போடப் போய்விட்டேன். கொடியில் போட்ட துணியை எடுத்து மறுபடி உதறி உதறிப் போட்டேன். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். அவள் ஏதோ கேட்கிறாள், அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மறுநாள் அவள் வேலைக்குத் தாமதமாக வந்தாள். வந்ததும் பலகையைச் சுத்தமாக அழித்தாள். நடுவில் ஒரு கோடு போட்டாள்.

"அண்ணா, பெட்டியை மூடி சீல் வச்ச பிறகு எதைச் சேர்க்க முடியும், எதைச் சேர்க்க முடியாது?"

அண்ணன் யோசித்தார். "போர்டுல சாலிடர் பண்ணினதை அப்புறம் தொட முடியாது. புரோகிராம் சிப் மட்டும் சாக்கெட்ல உக்காந்திருக்கு. அதைக் கழட்டிப் புதுசு மாட்டலாம்."

"அப்ப பிரிண்டருக்குக் கனெக்டர் மட்டும் இப்பவே போர்டுல வச்சிடுங்க. நடைக் கணக்கு, டிரைவர் நம்பர் ரெண்டுக்கும் வேண்டிய மெமரி சிப்பும் இப்பவே இருக்கட்டும். அதை ஓட்டற புரோகிராமைப் பிறகு சிப்பை மாத்திக் கொடுத்துக்கலாம். டீசல் வேண்டாம், அதுக்குத் தனி சென்சார், தனி வம்பு. அதை நான் ஓனர்கிட்ட சொல்லிக்கறேன். கன்னட எழுத்தும் இப்ப இல்ல." கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்றே மூன்று எழுதினாள். எடை, விளக்கு, மறு எடை. "மறு எடை போகாது. நீ சொன்னது சரி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"ஆயுத பூஜைக்கு எட்டு வண்டி?" என்றேன், விடாமல்.

"ரெண்டு. அதுவும் காலிக் கேஜ்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஷிப்ட் இறங்கறதுக்கு முன்னாடி ஆள் இல்லாம வெறும் கேஜை ஒரு தரம் அடி வரைக்கும் விட்டு மேல எடுப்பாங்களாம். அது ஒழுங்கா வந்த பிறகுதான் ஆள் ஏறணும். கேஜ் ஓடறது ஓடத்தான் செய்யும், யாரும் அதை நம்பி நிக்கலை, அவ்வளவுதான். நாமளும் அப்படிச் செய்வோம். பூஜைக்கு ரெண்டு வண்டியில விளக்கு எரியட்டும். ஆனா ஷவல்காரர் பழையபடி தன் கணக்குல கொட்டட்டும், விளக்கை நம்ப வேண்டாம். ஒவ்வொரு நடையும் பாரத்தோட ஒரு தரம், காலியா ஒரு தரம் குவாரியோட எடைமேடையில ஏறி இறங்கட்டும். மேடை சொல்றதும் பெட்டி சொல்றதும் ஒண்ணானா மீதி ஆறு வண்டி. இல்லேன்னா ஆகும் வரைக்கும் இல்ல."

ஷெட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் சுரங்கத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. "அட, காலிக் கேஜ்! இது நம்ம ஆளுங்க பேச்சு" என்றார் அண்ணன். அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் எந்தப் புதுப் பெட்டி வெளியே போனாலும் முதலில் போவது காலிக் கேஜ்தான், வேறு பெயரே கிடையாது.

என் வீட்டுப் பேச்சு. என் நைனாவின் வாயிலிருந்து வந்தது. வைண்டிங் டிரைவர் மகள் நான். பிறந்ததிலிருந்து அந்தப் பெல் சத்தத்தில் தூங்கி எழுந்தவள் நான். எனக்குத் தோன்றவில்லையே! குவார்ட்டர்ஸில் ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்தவளுக்கு எப்படித் தோன்றியது? அடிப்பாவி, என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு என் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாளே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வெளியே, "நல்லாகீது, செய்யலாம்" என்றேன்.

குவாரி ஓனருக்கு எங்கள் எதிரிலேயே போன் செய்தாள். எட்டு வண்டி என்று சொன்ன வாயால் இரண்டு என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் கத்துவது ரிசீவரிலிருந்து எங்களுக்கே கேட்டது. அவள் குரல் உயரவில்லை. எட்டு என்று தான் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது, இன்ஜினியர்கள் மேல் தப்பில்லை, தன் மேல்தான் என்றாள். ஒரு விளக்கு தவறாக எரிந்து பூஜை போட்ட வண்டியே அடுத்த நாள் கவிழ்ந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். டீசல் கிடையாது, பிரிண்ட் பிறகு வரும், அதற்காகப் பெட்டியைக் கழற்ற வேண்டாம், ஒரு சிப்பை மாற்றினால் போதும் என்று பொறுமையாக விளக்கினாள். கடைசியில் அவர் ஏதோ சொல்ல இவள் சிரித்தாள். வைத்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். நானாக இருந்திருந்தால் ரிசீவரை உடைத்திருப்பேன். அதை நினைத்தும் பொறாமைதான்.

ஆயுத பூஜையன்று நாங்கள் மூவரும் பங்காருபேட்டை வழியாக ஜீப்பில் குவாரிக்குப் போனோம். எட்டு டம்பரும் மஞ்சள் குங்குமத்தோடு நின்றன. இரண்டில் மட்டும் விளக்கு. ஓனர் அந்த இரண்டையும் நடுவில் நிறுத்தி, வந்தவர்களிடம், "முதல்ல ரெண்டு, பரீட்சைக்கு" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பரீட்சையும் அவர் யோசனை என்பது போலவே சொன்னார். விளக்குகள் எரிந்ததும் கைதட்டினார்கள். அவளுக்கு ஒரு மாலை. எனக்கும் அண்ணனுக்கும் பொரியும் சுண்டலும்.

பூஜை முடிந்து வேலை தொடங்கியதும் நான் எடைமேடைப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் பெட்டியும் மேடையும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மழை. மத்தியானத்துக்கு மேல் பெட்டி கூடுதலாகக் காட்ட ஆரம்பித்தது. நடைக்கு நடை கூடிக்கொண்டே போனது. பாரம் சரியாக இருக்கும்போதே சிவப்பு எரிந்தது. என் சிவப்பு, பொய் சொன்னது.

சென்சாரா, போர்டா, என் மறு எடையா? ஒன்றும் புரியாமல் மேடையிலிருந்து இறங்கும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டிரைவரைக் கூப்பிட்டு, "கொட்டிட்டு மேடையில ஏறும்போது கொஞ்சம் நில்லுங்கண்ணா" என்றேன். காலி வண்டி ஏறியது. காலையில் இருந்த காலி எடையைவிட அதிகம். ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். ஈரக் களிமண் தொட்டியின் அடியில் அப்பிக்கொண்டிருந்தது. கொட்டினாலும் விழவில்லை. ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகிறது. என் புரோகிராமோ காலையில் ஷிப்ட் தொடங்கும்போது எடுத்த காலி எடையைச் சாயங்காலம் வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. ஒட்டியிருந்த மண்ணையும் புதுப் பாரம் என்றே எண்ணிவிட்டது.

ஒவ்வொரு தரம் கொட்டிய பிறகும் காலி எடையைப் புதிதாக எடுத்துக்கொள் என்று புரோகிராமை மாற்றினேன். காலி எடை அளவுக்கு மேல் ஏறினால் தொட்டியைச் சுரண்டச் சொல்லி மஞ்சள் விளக்கை விட்டுவிட்டு எரிய வைத்தேன். புது சிப்பை சாக்கெட்டில் மாட்டியதும், மழையிலும் மேடையும் பெட்டியும் ஒத்துப்போயின. எட்டு வண்டியிலும் ஒரே நாளில் மாட்டியிருந்தால், அத்தனை ஷவல்காரரும் அந்த விளக்கை நம்பியிருந்தால், ஒரே மழையில் எங்கள் பெட்டியைக் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பார்கள். பொய்ச் சிவப்பைப் பார்த்துப் பழகினவன் நிஜச் சிவப்பையும் மதிக்க மாட்டான். பிறகுதான் நிஜமாகவே ஒரு வண்டி உருண்டிருக்கும்.

மீதி ஆறு வண்டியும் பொங்கலுக்கு முன்பே ஓடின. நான் சொன்ன பொங்கல்தான், ஆனால் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. ஓனர் ஷெட்டுக்கே ஸ்வீட் பெட்டியோடு வந்து அவள் கையைக் குலுக்கினார். அவள் சும்மா இருந்திருக்கலாம். "சார், மண் ஒட்டறதைக் கண்டுபிடிச்சது இவ. மறு எடையை விடக் கூடாதுன்னு சண்டை போட்டதும் இவதான்" என்று என்னை முன்னால் தள்ளினாள். திருட்டுத்தனம் செய்திருந்தால்கூட நிம்மதியாக வெறுத்திருப்பேன். இவள் நியாயமாகவும் இருந்து தொலைத்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பெல் சத்தம் நின்றது. நைனா காலையில் எழுந்து சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார், பிறகு உள்ளே வருவார். ஒரு நாள் சாப்பிடும்போது அவரிடம் காலிக் கேஜ் கதையை முதன்முறையாக முழுசாகச் சொன்னேன். பலகை, கோடு, ஆயுத பூஜை, களிமண் எல்லாம். அவர் முகம் எப்படி மலர்ந்தது!

"நல்லா புரிஞ்சிகிச்சு அந்தப் பொண்ணு," என்றார். "அன்னிக்குத் திங்கக்கெழம காலைல ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டு இன்ஜின் ரூமுக்குக் கூட்டிக்கினு போனேன் பாரு. எம் பக்கத்துலயே நின்னுச்சு. காலிக் கேஜை எறக்கி ஏத்திக் காட்டினேன். பெல் அடிக்கறப்பலாம் இது எதுக்கு, அது எதுக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டுச்சு."

என் கையில் சோறு அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் தாமதமாக வந்தது அதனால்தான்.

"அவள இன்ஜின் ரூமுக்குக் கூட்டிக்கினு போனியா நைனா?"

"ஆமா. வந்து கேட்டுச்சு, கூட்டிக்கினு போனேன்."

"என்ன ஏன் கூட்டிக்கினு போவல?"

நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். யோசித்தார். பொய் சொல்லவில்லை, மறந்தே போய்விட்டிருந்தார்.

"நீ கேக்கவே இல்லியேம்மா" என்றார்.

அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள், ஆறாவதில் நான் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான் மறுபடி சோற்றைப் பிசைந்தேன். இன்ஜின் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனிமேல் கேட்டும் ஒன்றும் ஆகப்போவதில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் அவள் மேஜைக்கு நேராகப் போய் நின்றேன். "உள்ள இன்னாடி இருந்துச்சு? லீவர் எப்டி இருந்துச்சு? நைனா எங்க உக்காந்திருந்தாரு?" என்று கேட்டேன். அவள் முதலில் திடுக்கிட்டாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் வயிறு எரிய எரிய, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.